மூணு வயல், மூணு ரகம், ஒரே உரக் கணக்கு: ஷீட் எங்க தப்புது

கேள்வி: "சார், மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூணு இடத்துல வயல். ஒண்ணு 3 மா, இன்னொண்ணு பட்டாவுல 0.48.5னு இருக்கு, மூணாவது 75 சென்ட். இந்த சம்பாவுக்கு முதல் வயல்ல சி.ஆர் 1009, ரெண்டாவதுல வெள்ளைப் பொன்னி, மூணாவதுல டி.கே.எம் 13. எக்செல்ல ஏக்கருக்கு இவ்வளவுன்னு போட்டு விதை, உரம், மொத்த செலவு வர்ற மாதிரி பண்ணிட்டேன். ஆனா கடைக்காரர் சொல்ற மூட்டை கணக்குக்கும் இதுக்கும் ஒத்தே வரல. விதை கிலோ 45 ரூபா, பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபா. எங்க தப்பு பண்றேன்?"

தம்பி, உங்க கூட்டல் பெருக்கல்ல தப்பு இருக்கும்னு எனக்கு தோணல. ஷீட்டுக்குள்ள என்ன நம்பர் போகுது, வெளிய வர்ற கிலோவ மூட்டையா எந்த இடத்துல மாத்துறீங்க, இந்த ரெண்டும்தான் விஷயம். நான் வேளாண்மைத் துறையில களப்பணியில 20 வருஷத்துக்கு மேல இருந்தவன், இப்ப நீடாமங்கலம் பக்கம் சொந்த நிலத்தப் பாத்துக்கிறேன், இந்தக் கணக்க நோட்டுல போட்டுக் குடுத்தே பாதி சர்வீஸ் போச்சு. கடைக்காரரும் பொய் சொல்றாருன்னு இல்ல, அவரு கணக்கு வேற மாதிரி, அதுக்கு கடைசியில வர்றேன்.

முதல்ல பரப்பு. நம்ம பக்கம் ஒரு மான்னா 100 குழி, குழி 12 அடிக்கு 12 அடி, அப்ப 14,400 சதுர அடி, சென்ட்ல 33 சொச்சம். 3 மா 0.99 ஏக்கர், ஒரு ஏக்கர்னே வச்சுக்கலாம்னாலும் ஷீட்ல 0.99 போடுங்க. 75 சென்ட் 0.75, அதுல பிரச்சனை இல்ல. எனக்கு சந்தேகம் உங்க ரெண்டாவது வயல்ல. பட்டாவுல 0.48.5னா அது 48.5 சென்ட் இல்ல, 0 ஹெக்டேர் 48.5 ஏர். ஒரு ஏர்ங்கறது 2.47 சென்ட், அப்ப அந்த வயல் கிட்டத்தட்ட 120 சென்ட், 1.20 ஏக்கர். இத சென்ட்னு படிச்சு அரை ஏக்கருக்கும் கம்மியா உரம் வாங்கிட்டுப் போன ஆளுங்கள நான் நிறைய பாத்திருக்கேன், பயிர் வெளுத்து நிக்கும்போதுதான் விசாரிக்க வருவாங்க. உங்க ஷீட்ல அந்த வயலுக்கு 0.485னு இருந்தா பாதி பதில் அங்கயே கெடச்சிடுச்சு.

அடுத்தது ஏக்கருக்கு எவ்வளவுங்கறது. இங்கதான் மூணு வயலுக்கும் ஒரே நம்பர் போட்ருப்பீங்கன்னு நினைக்கிறேன். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட பொதுப் பரிந்துரை, மண் பரிசோதனை பண்ணாதவங்களுக்கு, மத்திய வயசு நீண்ட வயசு ரகத்துக்கு ஹெக்டேருக்கு தழை 150, மணி 50, சாம்பல் 50 கிலோ. ஏக்கருக்கு மாத்தினா 60, 20, 20. சி.ஆர் 1009க்கும் டி.கே.எம் 13க்கும் இத போட்டுக்கலாம். வெள்ளைப் பொன்னிக்கு இது ஆகாது. அது தழைச்சத்துக்கு அதிகம் தாங்காத ரகம்னு தனியா வச்சு 75:50:50னுதான் பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு தழை வெறும் 30. மணியும் சாம்பலும் அதே 20, 20. பொன்னிக்கு 60 போட்டா பயிர் கருகருன்னு அழகா நிக்கும், பாக்குறவன் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லுவான், தை மாசம் ஒரு காத்து அடிச்சா படுத்துடும். உரத்துல போற காசு பெருசு இல்ல, உங்க 1.20 ஏக்கர்ல கூடுதலா போறது 78 கிலோ யூரியா, 500 ரூபாகூட ஆகாது. ஆனா படுத்த பயிர அறுக்க பெல்ட் வண்டி ஒரு மணி நேரத்துல முடிக்கிறத ரெண்டு மணி நேரம் இழுக்கும், வாடகை மணிக்கணக்கு, நெல்லும் வயல்லயே கொட்டும், அந்த நஷ்டம் எந்த ஷீட்லயும் வராது.

விதைக்கும் இதே மாதிரி ரகத்துக்கு ரகம் மாறும். நாத்து விட்டு நடுறதுக்கு நீண்ட வயசுக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ, மத்திய வயசுக்கு 40, குறுவைக்குப் போடுற குறுகிய வயசுக்கு 60. ஏக்கருக்கு 12, 16, 24. சி.ஆர் 1009 பெரும்பாலும் 155 நாள் தாண்டுற ரகம், அதுக்கு 12, மத்த ரெண்டுக்கும் 16. இத சொன்னா எங்க ஊர்ல சிரிப்பாங்க, ஏக்கருக்கு 30 கிலோ விதைக்கிறதுதான் வழக்கம். நாத்து பத்தாம போயிடுமோன்னு பயம்தான் காரணம், முளைப்பு நல்லா இருக்குற விதைக்கு அந்த பயம் தேவையில்ல. சான்று விதைன்னா முளைப்பு குறைஞ்சது 80 சதவீதம் இருக்கணும், இந்த 12, 16 எல்லாம் அத நம்பி சொல்றதுதான். உங்க வீட்டு விதைன்னா 100 நெல்ல ஈரத் துணியில முடிஞ்சு வச்சு எண்ணிப் பாருங்க, 70தான் முளைச்சதுன்னா 80ஐ 70ஆல வகுத்து வர்றத விதை அளவோட பெருக்கிக்கங்க, 16 கிலோ 18 சொச்சம் ஆகும். உப்புத் தண்ணியில போட்டு பதர் எடுக்குறதா இருந்தா மிதந்து போறதுக்கும் சேத்து வாங்கணும். நேரடி விதைப்புன்னா கணக்கே வேற, இத அதுக்கு எடுத்துக்காதீங்க.

இப்ப சத்த உரமா மாத்துறது. தப்பு அதிகமா வர்ற இடம் இதுதான். 60 கிலோ தழைன்னா 60 கிலோ யூரியா இல்ல, யூரியாவுல 46 சதவீதம்தான் தழைச்சத்து. டி.ஏ.பில 46 சதவீதம் மணி, கூடவே 18 சதவீதம் தழையும் இருக்கு. பொட்டாஷ்ல 60 சதவீதம் சாம்பல். நெட்ல கெடைக்கிற பல ஷீட்ல ஒவ்வொரு சத்தையும் தனித்தனியா வகுத்து, டி.ஏ.பி குடுக்குற தழைய கழிக்கவே மாட்டாங்க. நீங்க மணிச்சத்துக்கு டி.ஏ.பிய முதல்ல கணக்குப் போடணும், அதுல வர்ற தழைய மொத்தத் தழையிலேர்ந்து கழிக்கணும், மிச்சத்துக்குத்தான் யூரியா. கழிக்காம விட்டா உங்க மூணு வயலுக்கும் சேத்து 50 கிலோ யூரியா கூட வரும், ஒரு மூட்டைக்கு மேல.

ஷீட்ட இப்படி அமைச்சுக்கங்க. A வயல் பேரு, B ஏக்கர், C விதை, D தழை, E மணி, F சாம்பல், C-லேர்ந்து F வரைக்கும் எல்லாம் ஏக்கருக்கு. 2, 3, 4ஆவது வரிசை உங்க மூணு வயல். பின்னாடி இருக்குறது ஃபார்முலா:

```
G2: =B2*C2
H2: =B2*E2/0.46
I2: =MAX(0, B2*D2-H2*0.18)/0.46
J2: =B2*F2/0.6
```

G விதை, H டி.ஏ.பி, I யூரியா, J பொட்டாஷ், எல்லாம் கிலோவுல. அப்படியே கீழ ரெண்டு வரிசைக்கும் இழுத்து விடுங்க. உங்க நம்பர போட்டா சி.ஆர் 1009 வயலுக்கு டி.ஏ.பி 43, யூரியா 112, பொட்டாஷ் 33 கிலோ வரும். பொன்னிக்கு டி.ஏ.பி 52, யூரியா 58, பொட்டாஷ் 40. டி.கே.எம் வயலுக்கு 33, 85, 25. மூணையும் கூட்டினா டி.ஏ.பி 128 கிலோ, யூரியா 255, பொட்டாஷ் 98. உங்க ஷீட்ல இதுக்கு அஞ்சு பத்து கிலோ முன்ன பின்ன வந்தா பரவாயில்ல, அதுக்கு மேல போனா மேல சொன்ன மூணுல ஒண்ணு தப்பு.

இனிமே மூட்டை. டி.ஏ.பியும் பொட்டாஷும் 50 கிலோ மூட்டை, யூரியா 45 கிலோ. 2018 வரைக்கும் அதுவும் 50தான், அப்புறம் குறைச்சாங்க. மூட்டை பாக்க ஒரே மாதிரி இருக்கும், அதனால நானே ஒரு போகம் ரெண்டு பேருக்கு பழைய 50ல வகுத்துக் குடுத்துட்டேன், கடைசி மேலுரத்துக்கு யூரியா பத்தாம அவங்க கடை கடையா அலைஞ்சாங்க. அதனால மூட்டை எடைய ஃபார்முலாவுக்குள்ள எழுதாதீங்க, தனி செல்லுல வைங்க, நாளைக்கு மாறினா அத மட்டும் திருத்தலாம். விலையும் அப்படியே.

```
H5: =SUM(H2:H4)
H6: 50
H7: =ROUNDUP(H5/H6,0)
H8: 1350
H9: =H7*H8
```

இதையே I, J பத்திக்கும் போடுங்க, I6ல 45, I8ல 266.5, J6ல 50, J8ல 1700. யூரியாவுக்கு 266 ரூபா 50 காசு, டி.ஏ.பிக்கு 1,350, இதெல்லாம் மூட்டையிலயே அச்சடிச்சு இருக்கும். பொட்டாஷ் மட்டும் போகத்துக்குப் போகம் மாறும், நீங்க சொன்ன 1,700ஐ எடுத்துக்கிட்டேன். ROUNDUP எங்க போட்ருக்கேன்னு கவனிச்சீங்களா, மொத்தத்துல மட்டும். உங்களுக்கும் கடைக்காரருக்கும் ஒத்துவராததுக்கு முக்கியமான காரணம் இதுவாத்தான் இருக்கணும். அவரு வயல் வயலா முழு மூட்டை ஆக்கிடுவாரு. டி.ஏ.பி 43 கிலோவா, ஒரு மூட்டை. 52ஆ, ரெண்டு. 33ஆ, ஒண்ணு. நாலு மூட்டை. மொத்தமா 128 கிலோன்னு பாத்தா மூணு மூட்டையே போதும். யூரியா அவரு கணக்குல 3, 2, 2, ஆக ஏழு, மொத்தத்துல பாத்தா ஆறு. பொட்டாஷ் மூணு, ஆனா 98 கிலோவுக்கு ரெண்டு மூட்டையே கச்சிதமா இருக்கு. பணத்துல பாத்தா அவரு கணக்கு 12,365 ரூபா 50 காசு, உங்க கணக்கு 9,049 ரூபா. 3,300 ரூபா வித்தியாசம், அத்தனையும் பிரிச்ச மூட்டையில மிச்சமா வீட்டுலயே கெடக்கப் போறது. விதை 43 கிலோவுக்கு 1,935 சேத்தா மொத்தம் 10,984.

வயல் வயலா செலவு பாக்கணும்னா மூட்டைக் காச பிரிச்சுப் போடாதீங்க, கிலோ விலையால பெருக்குங்க. யூரியா கிலோ 5 ரூபா 92 காசு, டி.ஏ.பி 27, பொட்டாஷ் 34. அப்படிப் பாத்தா உரச் செலவு சி.ஆர் வயலுக்கு சுமார் 2,950, பொன்னிக்கு 3,110, டி.கே.எம்முக்கு 2,235. கூட்டினா 8,295தான் வரும், வாங்கின காசு 9,049. நடுவுல இருக்குற 750 சொச்சம் தப்பு இல்ல, அது மூட்டையில மிச்சம் நிக்கிற உரம், அதுல பெரும்பங்கு 22 கிலோ டி.ஏ.பி. இந்த வரிய ஷீட்ல தனியா எழுதி வைங்க, இல்லன்னா ரெண்டு மொத்தமும் ஏன் ஒத்துவரலன்னு இன்னொரு தடவை மண்டைய ஒடச்சுக்குவீங்க.

யூரியா மொத்தத்த அப்படியே ஒரே தடவையில போடப் போறதில்லையே, அதனால இன்னும் ரெண்டு பத்தி வேணும். தழைச்சத்த நாலு சம பங்கா, அடியுரம், தூர் கட்டுறப்ப, கதிர் உருவாகுறப்ப, கதிர் வெளிய வர்றப்பன்னு பிரிச்சுக் குடுக்கச் சொல்லியிருக்கு. அடியுரத்துல போற டி.ஏ.பியிலயே தழை இருக்குறதால அத அந்த முதல் பங்குல கழிக்கணும்.

```
K2: =MAX(0, B2*D2/4-H2*0.18)/0.46
L2: =(I2-K2)/3
```

K அடியுரத்துக்கு யூரியா, L அப்புறம் ஒவ்வொரு மேலுரத்துக்கும். சி.ஆர் வயலுக்கு அடியுரத்துல 15 கிலோ, அப்புறம் மூணு தடவை 32 கிலோ. டி.கே.எம்முக்கு 12, அப்புறம் இருபத்தி நாலரை. பொன்னிக்கு பாருங்க, அடியுர யூரியா பூஜ்யம். அந்த வயலுக்கு ஒரு பங்கு 9 கிலோ தழை, டி.ஏ.பியே அதுக்கு மேல குடுத்துடுது. MAX இல்லாம எழுதினா அந்த செல்லுல மைனஸ் நம்பர் வரும், அந்த மைனஸ பாத்து பயந்து ஷீட்டே தப்புன்னு தூக்கிப் போட்ட ஒரு பையன எனக்குத் தெரியும், பாவம் அவன் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. பொன்னி வயல்ல அடியுரத்துக்கு யூரியா வேண்டாம், மேலுரத்துக்கு மட்டும் 19 கிலோ வீதம் மூணு தடவை. பொட்டாஷையும் தழை மாதிரி நாலா பிரிக்கச் சொல்றாங்க, ஆள் கூலிய பாத்து அடியில பாதி கதிர் உருவாகுறப்ப பாதின்னு போடுறவங்கதான் அதிகம், நானும் அப்படித்தான்.

இந்தப் பிரிப்பு செலவுக் கணக்கையும் மாத்தும். ஆறு மூட்டை யூரியாவையும் நடவுக்கு முன்னாடியே வாங்கி அடுக்காதீங்க, ஐப்பசி கார்த்திகை ஈரத்துல கல்லு மாதிரி கட்டிக்கும். அடியுரத்துக்கு மூணு வயலுக்கும் சேத்து 27 கிலோ, முதல் மேலுரத்துக்கு 76 கிலோ, அதனால முதல்ல மூணு மூட்டை போதும். மழைய பாத்து மிச்சத்த வாங்கலாம். நம்ம பக்கம் வயல் விட்டு வயல் தண்ணி பாயுற இடம் நிறைய, தண்ணி நிக்கிறப்ப யூரியாவ வீசினா உங்க காசு பக்கத்து வயலுக்குத்தான் போகும். தண்ணிய வடிச்சுட்டு போட்டு ரெண்டு நாள் கழிச்சு கட்டுங்க. பெருமழையில அடிச்சுட்டுப் போனதுக்கு எந்த ஃபார்முலாவும் ஈடு சொல்லாது, அப்ப இலை வண்ண அட்டைய வச்சுப் பாருங்க, பொன்னிக்கு 3, மத்ததுக்கு 4ங்கற பச்சைக்குக் கீழ போனா மட்டும் யூரியா.

டி.ஏ.பி கெடைக்கலன்னா என்ன பண்றதுன்னு அடுத்து கேப்பீங்க. சூப்பர் பாஸ்பேட்னா மணி 16 சதவீதம், தழை கெடையாது, H ஃபார்முலாவுல 0.46க்கு பதிலா 0.16, I-லயும் K-லயும் 0.18க்கு பதிலா பூஜ்யம், H6ல மூட்டை 50தான், H8ல அதோட விலை. ஏக்கருக்கு 125 கிலோ, ரெண்டரை மூட்டை சுமக்கணும், அதான் ஆளுங்க சலிச்சுக்கிறாங்க. 20-20-0-13னா ரெண்டு இடத்துலயும் 0.20. ஆனா அத பொன்னிக்கு போடாதீங்க, ஏக்கருக்கு 100 கிலோ போட்டாதான் 20 கிலோ மணி வரும், கூடவே 20 கிலோ தழை அடியுரத்துலயே போயிடும், மொத்தமே 30தான் குடுக்கணும்கறப்ப அது மூணுல ரெண்டு பங்கு.

இதுல எது உறுதி, எது உறுதியில்லன்னும் சொல்லிடறேன். உரத்துல இருக்குற சதவீதம், ஏரும் சென்ட்டும், இதெல்லாம் மாறாது, இதுல வித்தியாசம் வந்தா கணக்கு தப்பு. 60:20:20ங்கறது மண்ண பாக்காம சொல்ற பொது அளவு. மண் பரிசோதனை அட்டை உங்ககிட்ட இருந்தா அதுல சொல்ற அளவத்தான் D, E, F-ல போடணும், அட்டையில குறைவு, அதிகம்னு மட்டும் இருந்தா கால் பங்கு கூட்டுறது குறைக்கிறதுன்னு ஒரு நடைமுறை இருக்கு. வருஷா வருஷம் ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி போட்டுட்டு வர்ற வயல்ல மணிச்சத்து தேங்கி நிக்க வாய்ப்பு அதிகம், அங்க E-ய 15ஆ குறைச்சாலும் பயிர் கேக்காதுங்கறது என் அனுபவம், சட்டம் இல்ல. துத்தநாக சல்பேட், ஜிப்சம் இதெல்லாம் இந்த ஷீட்ல இல்ல, வேணும்னா துத்தநாகத்துக்கு ஏக்கருக்கு 10 கிலோன்னு ஒரு பத்தி சேத்துக்கங்க, டி.ஏ.பியோட கலக்காம மணல்ல கலந்து தனியா தூவணும். அப்புறம் கடையில யூரியாவோட இதையும் எடுத்தாத்தான்னு ஏதாவது பாட்டில தள்ளிவிட்டா அத உரச் செலவுல சேக்காதீங்க, தனி வரியா எழுதுங்க, போகம் முடிஞ்சு பாத்தா கண்ணு திறக்கும்.

ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு, நாத்தங்கால். எல்லாரும் நடவு வயலுக்கு கணக்குப் போட்டுட்டு இத மறந்துடுவாங்க. ஏக்கருக்கு 8 சென்ட் நாத்தங்கால், உங்களுக்கு 24 சென்ட் கிட்ட வரும். நம்ம களி மண்ணுல பறிக்கிறப்ப வேர் அறுபடும்னா விதைச்ச பத்தாம் நாள் சென்ட்டுக்கு ஜிப்சம் 4 கிலோ, டி.ஏ.பி 1 கிலோ போடுறது வழக்கம், அப்ப 24 கிலோ டி.ஏ.பி. உங்க மூணு மூட்டையில மிச்சம் நிக்கிற 22 கிலோ கிட்டத்தட்ட இதுக்கே போயிடும், நாலாவது மூட்டை பிரிக்க வேணாம். ஆனா நாத்தங்கால்தான் முதல்ல வரும், அதனால மூணு மூட்டையில ஒண்ண இப்பவே வாங்கிப் பிரிச்சுக்கங்க. ரெண்டாவது வயல் பரப்ப திருத்திட்டு ஷீட்ல என்ன வருதுன்னு இங்கயே போடுங்க, பாத்து சொல்றேன்.